சரிபார்த்து முடியும்வரை அட்டவணைப் படத்தை நீக்காதீர்கள்: நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நம் இணையக் கலைக்களஞ்சியத்தின் நிர்வாகிகளுக்கும் பராமரிப்புக் குழுவினருக்கும் வணக்கம்.

படமாகக் கிடக்கும் அட்டவணைகளை விக்கி குறியீட்டுக்கு மாற்றும் வேலை எதற்காகத் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. படத்துக்குள் இருக்கும் எண்ணைத் தேடிப் பிடிக்க முடியாது, திரைவாசிப்பானும் அதைப் படித்துச் சொல்லாது. ஒரு எண் மாறினால் படம் முழுவதையும் புதிதாகச் செய்து ஏற்ற வேண்டும். ஆகவே அட்டவணைகளை எழுத்தாக்குங்கள், நானும் கூட இருந்து செய்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான்: எழுதிய அட்டவணையை வேறொருவர் படத்தோடு வைத்துச் சரிபார்க்கும்வரை அந்தப் படத்தை நீக்காதீர்கள்.

சூரியக் குடும்பக் கோள்களின் அட்டவணைக்கு நேர்ந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். பழைய படம் போய்க் குறியீடு வந்தது. வந்த உடனேயே 'அட்டவணை எழுதப்பட்டுவிட்டது' என்ற குறிப்போடு படக்கோப்பும் நீக்கப்பட்டது. அதன்பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தால் செவ்வாயின் சராசரி வெப்பநிலை 65 பாகை செல்சியஸ், நெப்டியூனுடையது 200 பாகை என்று இருக்கிறது. நாசா வெளியிடும் கோள் தரவுத்தாளில் இவை -65, -200. வியாழன், சனி, யுரேனசு மூன்றுக்கும் இதே கதிதான். பூமியைவிடச் செவ்வாய் சூடானது என்று நம் பக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பேச்சுப் பக்கத்தில் இதை எழுப்பியபோது உங்களில் ஒருவர் தந்த பதில், 'படத்தில் அப்படித்தான் இருந்திருக்கும்' என்பது. படத்தைத் திறந்து பார்த்துச் சொன்ன பதிலாகத் தெரியவில்லை. நீக்கிய கோப்பை நிர்வாகிகள் பார்க்க முடியும், எங்களால் முடியாது. பார்க்க முடிந்தவர் பார்க்காமலே பதில் சொன்னதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

இது தட்டச்சுப் பிழை இல்லை, எழுதியவர் கவனக்குறைவானவரும் இல்லை. அவரே பேச்சுப் பக்கத்தில் நடந்ததை நேர்மையாகச் சொன்னார். நான் மணல்தொட்டியில் அதை அப்படியே எழுதிப் பார்த்தேன். விக்கி குறியீட்டின் ஓர் இயல்பு அவரை ஏமாற்றியிருக்கிறது. நாளைக்கு யாரையும் ஏமாற்றும்.

அந்த அட்டவணையில் நான்கு நெடுவரிசைகள்: வகை, கோள், சராசரி வெப்பநிலை, நடுவரை விட்டம். முதல் நெடுவரிசையில் கட்டங்கள் இணைந்திருந்தன. பாறைக் கோள்கள் என்ற ஒரே கட்டம் நான்கு வரிசைகளுக்கு, வளிமப் பெருங்கோள்கள் இரண்டுக்கு, பனிப் பெருங்கோள்கள் இரண்டுக்கு. இப்படி இணைந்த கட்டத்தை எழுத `rowspan="4"` என்று ஒரு முறை கொடுத்தால் போதும். அடுத்த மூன்று வரிசைகளில் அந்தக் கட்டத்தை எழுதாமல் விட வேண்டும். அவர் இதைச் சரியாகவே செய்திருந்தார். புதன் 167, வெள்ளி 464, பூமி 15 வரை எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. செவ்வாய்க்கு வந்ததும் படத்தில் இருந்ததைப் பார்த்து இப்படி எழுதியிருக்கிறார்:

```
|-
| செவ்வாய்
|-65
| 6,792
```

விக்கியில் ஒரு வரியின் தொடக்கத்தில் நிமிர்ந்த கோடும் அதை ஒட்டிச் சிறுகோடும் வந்தால் 'புதிய வரிசை தொடங்கு' என்று பொருள். மூன்றாம் வரியில் அவர் எழுதியது ஒரு கட்டத்துக்கான எண். மென்பொருளோ அதைப் புதிய வரிசையின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. மிஞ்சிய 65 அந்த வரிசையின் பண்பு ஏதோ என்று நினைத்து, பொருந்தாததால் தூக்கி எறிந்துவிடுகிறது. சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை எதுவும் வராது. எண் காணாமல் போகும், அவ்வளவுதான்.

இணைந்த கட்டங்களும் இருப்பதால் அப்புறம் நடப்பது இன்னும் மோசம். செவ்வாயின் விட்டமான 6,792 தனி வரிசையாகப் பிரிந்து கீழே விழுகிறது. பாறைக் கோள்கள் கட்டத்தின் நான்கு வரிசைகள் செவ்வாயோடு முடிந்துவிட்டதால், அந்த 6,792 முதல் நெடுவரிசையில், 'வகை' என்ற தலைப்பின் கீழ் போய் உட்காருகிறது. அடுத்து வியாழன். அதன் -110ம் மறைந்து 1,42,984 தனி வரிசையாகிறது. வளிமப் பெருங்கோள்களுக்கு ஒதுக்கிய இரண்டு வரிசைகளில் இரண்டாவதை இந்த உடைந்த துண்டு தின்றுவிடுகிறது, எண்ணோ கோளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. சனிக்கு இடமில்லாமல் அதன் பெயர் 'வகை'யின் கீழ் வருகிறது. யுரேனசுக்கும் நெப்டியூனுக்கும் இதே கதை.

முன்தோற்றத்தில் இதைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். அவருக்கும் சுற்றியிருக்கிறது. எங்கே உடைகிறது என்று தேடி, சிறுகோடு இருக்கும் வரிகளில்தான் சிக்கல் என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். சிறுகோட்டை எடுத்துவிட்டு `|65` என்று எழுதியதும் அட்டவணை சட்டென்று ஒழுங்குக்கு வந்துவிட்டது. இணைந்த கட்டங்கள் தத்தம் இடத்தில், விட்டங்கள் தத்தம் நெடுவரிசையில். அதை அப்படியே சேமித்தார். முன்தோற்றத்தில் நடந்த எதுவும் பக்க வரலாற்றில் பதியாது, சேமித்தது மட்டுமே பதியும். ஆகவே வரலாற்றைப் புரட்டினாலும் கழித்தல் குறி இருந்த சுவடே இல்லை. சுவடு இருந்த ஒரே இடம் அந்தப் படம்.

இதைத் தவிர்க்க வழி எளிது. நிமிர்ந்த கோட்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டால் போதும். அல்லது ஒரு வரிசையின் கட்டங்களை ஒரே வரியில் எழுதலாம், அப்போது எண் வரியின் தொடக்கத்தில் வராது:

```
|-
| செவ்வாய் || -65 || 6,792
```

விசைப்பலகையின் சிறுகோட்டுக்குப் பதிலாக உண்மையான கழித்தல் குறியை (−) இட்டாலும் மென்பொருள் குழம்பாது. இதே போல வரியின் தொடக்கத்தில் நிமிர்ந்த கோட்டை ஒட்டி, இடைவெளி இல்லாமல், கூட்டல் குறியோடு ஓர் எண் வந்தால் அதை அட்டவணையின் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். வெப்பநிலை, இலாப நட்டம், கோல் வித்தியாசம் என்று குறியோடு எண் வரும் எந்த அட்டவணைக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஆனால் எழுதுபவர்களுக்குப் பாடம் எடுத்து மட்டும் இது தீராது. நன்றாகத் தெரிந்தவருக்கும் நூறாவது வரியில் கை தவறும். தவறினாலும் பிடித்துவிடலாம், படம் பக்கத்தில் இருந்தால். கோள் அட்டவணையில் அதற்கு நேரமே ஆகாது. படத்தில் எத்தனை கழித்தல் குறி என்று எண்ணினால் ஐந்து. எழுதிய அட்டவணையில் ஒன்றுகூட இல்லை. அதற்கு மேல் பார்க்கவே வேண்டாம். பிறகு கட்டங்களை எண்ண வேண்டும்: வகை தொடங்கும் வரிசையில் நான்கு, மற்றவற்றில் மூன்று. கடைசியாகப் படத்தின் அடியில் இருக்கும் குறிப்பு. பெருங்கோள்களுக்குத் திடமான தரை இல்லாததால் அவற்றின் வெப்பநிலை 1 பார் அழுத்தம் உள்ள மட்டத்தில் கணக்கிடப்பட்டது என்று அதில் இருந்ததை எழுதியவரே நினைவுகூர்கிறார். அது குறியீட்டில் வரவே இல்லை. குறிகூட மறைந்தால் சந்தேகம் எழும், குறிப்பு மறைந்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. இத்தனைக்கும் தேவை, படத்தையும் அட்டவணையையும் அருகருகே வைத்துப் பார்க்கும் இன்னொரு சோடிக் கண்கள். படத்தை உடனே நீக்கிவிட்டு அதற்கான வாய்ப்பையே எடுத்துவிட்டீர்கள்.

கோள்களின் வெப்பநிலையை வேறு இடத்தில் பார்த்துத் திருத்திவிடலாம், நானே திருத்திவிடுவேன். அச்சில் இல்லாத பழைய புத்தகத்திலிருந்து ஒருவர் படமெடுத்து ஏற்றிய அட்டவணையை என்ன செய்வது? அதில் 3 என்பது 8 ஆகவும் 1 என்பது 7 ஆகவும் மாறியிருந்தால் எதை வைத்துச் சொல்வது? எழுத்துணரி கொண்டு எண்களை எடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அது மங்கலான எண்ணையும் தயங்காமல் ஏதோ ஒன்றாகப் படித்துத் தந்துவிடும். இணைந்த கட்டத்தை முதல் வரிசையில் மட்டும் வைத்து மற்றதை வெறுமையாக விடுவதும் உண்டு. பார்வைக்கு நேர்த்தியான அட்டவணை கிடைக்கும், உண்மையா என்று கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

பராமரிப்புப் பட்டியலில் பாக்கி குறைய வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. ஆனால் அந்தப் பட்டியல் வாசகருக்காக இருக்கிறதா, இல்லை வாசகர் பட்டியலுக்காகவா? மாதக் கணக்கில் படமாகவே கிடந்ததை யாரும் கேட்கவில்லை. எழுத்தாக்கிய மறுகணம் நீக்குவதற்கு மட்டும் ஏன் இத்தனை வேகம்? தன்னார்வலர் ஒருவர் பொறுமையாக எழுதியதைப் பொறுமையாகச் சரிபார்க்க இன்னொருவருக்கு நேரம் தர மறுப்பது, எழுதியவரையும் அவமதிப்பதுதான். பிழைக்கான பழியை இப்போது அவர் தனியாகச் சுமக்கிறார். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, கோபத்தை நிறுத்திவிட்டு வேண்டுகோளுக்கு வருகிறேன். அட்டவணை எழுதப்பட்டதும் படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துப் பேச்சுப் பக்கத்தில் வையுங்கள். எழுதியவர் அல்லாத ஒருவர் கட்டம் கட்டமாகப் பார்த்து 'சரிபார்த்தேன்' என்று கையொப்பம் இடட்டும். அதுவரை படத்தை நீக்காதீர்கள். காப்புரிமைச் சிக்கல் உள்ள படமென்றால் உடனே நீக்கத்தான் வேண்டும், அதை நான் எதிர்க்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நீக்குவதற்கு முன் நூலின் பெயர், பதிப்பு ஆண்டு, பக்க எண் மூன்றையும் பேச்சுப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். சரிபார்க்க நினைப்பவர் நூலகத்திலாவது தேடிக்கொள்வார்.

இதற்கிடையில் கோள் அட்டவணையின் படக்கோப்பைத் தயவுசெய்து மீட்டுத் தாருங்கள். இதே வேகத்தில் நீக்கிய மற்ற அட்டவணைப் படங்களின் பட்டியலையும் வெளியிட்டால், குறியோடு எண் வரும் அட்டவணைகளை முதலில் எடுத்துக்கொண்டு நானும் இன்னும் சிலரும் சரிபார்க்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அட்டவணைகளைத் தொகுத்துவரும் ஒரு பயனர்