கல்லடி வீட்டு மின்கட்டணம்: திருத்திய கணக்கு

அன்புள்ள வீட்டு நண்பர்களே, இம்மாத மின்கட்டணம் 5,600 ரூபாய். ஸ்பிளிட்வைஸ் செயலியில் அதைச் சமமாகப் பிரித்திருந்தேன். அது நியாயமில்லை, மாற்றிவிட்டேன். அம்பாறைக்கு வேலைக்குப் போன தம்பி இங்கே 10 நாள்தான் இருந்தார். ஆகவே பங்கு முறையைத் தெரிவுசெய்து, தங்கிய நாள்களையே பங்குகளாக இட்டேன்: மற்ற மூவருக்கும் தலா 30, அவருக்கு 10. மொத்தம் 100 பங்கு. ஒரு பங்கு 56 ரூபாய். மூவருக்கும் தலா 1,680, தம்பிக்கு 560.

வாடகை சமமாகவே இருக்கும். அறை பூட்டிக் கிடந்தாலும் அவருடையதுதானே.

மீன் வாங்கினால், மரக்கறி மட்டும் உண்ணும் அண்ணனை அந்தச் செலவிலிருந்து நீக்கிவிட்டுப் பதியுங்கள்.

செயலி இங்கே கணக்கை மட்டுமே வைத்திருக்கும். வங்கியில் பணம் போட்டதும் அதையும் பதியுங்கள். இல்லாவிட்டால் கடன் அப்படியே நிற்கும்.