செக்கர் பரீட்சை

அன்புள்ள முருகா,

இங்கே எல்லோரும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? சரி, விஷயத்துக்கு வருகிறேன். கண்டக்டரிலிருந்து செக்கர் பதவி உயர்வுக்குத் தேர்வு என்று டிப்போவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நானும் எழுதுகிறேன். சிரிக்காதே, உனக்குத் தவளைக் கணக்குதான் ஞாபகம் வந்திருக்கும்!

இரண்டாவது ஷிப்ட் முடிந்து, வே-பில்லை முடித்து, சில்லறையை எண்ணிக் கட்டிவிட்டு வந்தால் வீடே தூங்கியிருக்கும். அப்புறம்தான் புத்தகம். விதிகளைத் திறந்தால் ஒரு பக்கம் தாண்டாது, கண் சொருகிவிடும். அதனால் அவற்றைக் காலைக்குத் தள்ளிவிட்டேன். ராத்திரிக்குக் கணக்கு மட்டும். விடை தப்பினால் கோபம் வரும், கோபத்தில் தூக்கம் போய்விடும்.

பஸ் எவ்வளவு நிரம்பி ஓடியது என்று பார்க்கும் லோட் ஃபேக்டரில்தான் நன்றாக மாட்டினேன். 50 இருக்கை, 20 கி.மீ. ரூட். முதல் 8 கி.மீ. வரை 60 பேர், மிச்சம் 12 கி.மீ.க்கு 15 பேர். கூட்டிப் பாதியாக்கி, 50-க்கு எவ்வளவு என்று பார்த்தால் 75 சதவீதம் வரும். பாவிகள் அதையும் ஒரு விடையாக வைத்திருக்கிறார்கள்! ஆளை, அவர்கள் போன தூரத்தால் பெருக்க வேண்டும். 480-ம் 180-ம் சேர்ந்து 660. இருக்கையைத் தூரத்தால் பெருக்கினால் 1000. ஆக, 66 சதவீதம்தான். எங்கள் ரூட்டும் அப்படியே. கிளம்பும்போது படிக்கட்டில் தொங்குவார்கள், பாதி வழியில் ஜன்னலோரம் எல்லாம் காலி. இவ்வளவு கூட்டம் ஏற்றியும் அலுவலகத்தில் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

இன்னொரு கேள்விதான் தூங்கவிடவில்லை. டிக்கெட் போட்டு முடியவில்லை, கட்டணம் மாறும் அடுத்த ஸ்டேஜ் வந்துவிட்டது. என்ன செய்வாய்? வண்டியை ஓரம் கட்டி, எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகே மெஷினில் ஸ்டேஜை மாற்ற வேண்டும். எழுதிவிடலாம். ஆனால் நம் சேகர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தினா டைம் போச்சு, ஓட்டினா நீ போச்சு" என்பான்.

நாளைக்கு நான் செக்கராக ஏறும்போது அங்கே ஒரு புதுப்பையன் அப்படித் திணறிக்கொண்டு நிற்பான். டிக்கெட் இல்லாத பயணியிடம் முதலில் "காசு கொடுத்தீர்களா?" என்று கேட்க வேண்டும். இன்னும் வாங்கவே இல்லை என்றால் அது தாமதம். வாங்கிக்கொண்டு டிக்கெட் தரவில்லை என்றால் வேறு கதை. பையில் இருக்கும் பணமும் மெஷின் காட்டும் தொகையும் ஒத்துப்போகிறதா என்று எண்ண வேண்டும். எண்ணிவிடலாம். சில்லறை பாக்கியால் நாலு காசு கூடினாலும் அதையும் எழுதத்தான் வேண்டும். அந்த ஒரு வரியில் அவன் சாப்பாடு இருக்கிறதடா.

நீ விசாரணை அறிக்கை நிறைய எழுதியவன். பார்த்ததை மட்டும் எழுதி, சந்தேகத்தைக் கலக்காமல் இருப்பது எப்படி? ஒரு மாதிரி எழுதி அனுப்பு. பெயர்களை அடித்துவிடு.

அன்புடன்,
கணேசன்