வீட்டுப்பாடம் கடினமாக இருக்கிறது என்ற உங்கள் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் கழித்தல் கணக்கோடு ஒன்றரை மணி நேரம் போராடி, அழுதுகொண்டே தூங்கிப்போனதாக எழுதியிருந்தீர்கள். நேற்று அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழித்து அழித்து ஒரு பக்கம் கிழிந்தே போயிருக்கிறது. பத்து கணக்குகளில் ஆறு சரி. தப்பான நான்கிலும் மேலே உள்ள எண்ணின் நடுவில் பூஜ்யம் இருக்கிறது.

503 − 267 என்ற கணக்குக்கு 364 என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் உட்காரவைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொன்னேன். "மூன்றில் ஏழு போகாது, அதனால் ஏழில் மூன்று போனால் நான்கு. பூஜ்யத்தில் ஆறு போகாது, ஆறில் பூஜ்யம் போனால் ஆறு" என்றாள். இது கவனக்குறைவு இல்லை. மற்ற கணக்குகளில் பக்கத்து இடத்தில் ஒழுங்காகக் கடன் வாங்குகிறாள். அங்கே பூஜ்யம் இருந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல், பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறாள்.

இதில் தவறு எங்களுடையது. கடன் வாங்கக் கற்றுக்கொடுத்த அன்றே பூஜ்யக் கணக்கையும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். வகுப்பாசிரியரிடம் பேசிவிட்டேன். ஒரு வாரத்துக்கு நாளைக்கு நான்கு கணக்கு மட்டும்தான்.

வீட்டில் துண்டுக் காகிதங்களில் 100, 10, 1 என்று எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நூறும் மூன்று ஒன்றும் அவள் கையில் கொடுத்து, 267-ஐத் திருப்பிக் கேளுங்கள். ஏழு ஒன்று தர முடியாது, பத்தும் இல்லை. அப்போது ஒரு நூறைக் கொடுத்து அவளே பத்து பத்துகளாக மாற்ற வேண்டும். அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்ற வேண்டும். இப்போது கையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று. கொடுத்தது போக மீதி 236. பூஜ்யம் எப்படி ஒன்பதானது என்று அவளே உங்களுக்குச் சொன்னால், பிடித்துக்கொண்டாள் என்று அர்த்தம். விடையோடு 267-ஐக் கூட்டி 503 வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 364-ஐக் கூட்டினால் 631 வரும், தப்பு அவள் கண்ணிலேயே படும்.

இன்னொன்று, அம்மா. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் சில விடைகள் உங்கள் கையெழுத்தில் இருக்கின்றன. குழந்தை அழும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, புரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்த்த ஆசிரியர், அவளுக்கு வந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அதனால் தப்பான விடையை அழிக்காமல் அப்படியே விடுங்கள், எங்களுக்கு அதுதான் வேண்டும். இருபது நிமிடம் ஆனதும் கோடு போட்டு, நேரத்தை எழுதி, நோட்டை மூடச் சொல்லுங்கள். முடிக்காததற்காக யாரும் அவளைத் திட்ட மாட்டார்கள். இதற்கு நான் பொறுப்பு.

அடுத்த வெள்ளிக்கிழமை நானே அவளுக்கு நான்கு பூஜ்யக் கணக்கு கொடுத்துப் பார்க்கிறேன். அப்போதும் தடுமாறினால் வாருங்கள், வகுப்பாசிரியரோடு மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்