திட்டவிலக்கக் கணக்கு: விடை சரிபார்க்கும் கட்டத்தை மாற்றியிருக்கிறேன்

வணக்கம் மக்களே. ரிவிஷன் ஷீட்டில் மாட்டுத்தாவணி மல்லிகைக் கணக்குக்குச் சரியான விடை போட்டும் ‘தப்பு’ என்று வந்ததாக நேற்று ரெண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தப்பு என்னுடையதுதான்.

கணக்கில் ஐந்து நாள் கிலோ விலை 400, 500, 600, 700, 800 (கற்பனை விலைதான், சண்டைக்கு வராதீர்கள்). சராசரி 600. விலக்கங்களின் வர்க்கக் கூட்டல் 1,00,000. இந்த ஐந்து நாள் சீசனின் ஒரு மாதிரி மட்டுமே என்பதால் 4 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும், விடை 158.11. ஷீட்டோ 158.1138... என்று வைத்திருக்கும். நான் வெறும் = போட்டு ஒப்பிட்டதால், இரண்டு தசமத்தோடு நிறுத்திய எல்லோருக்கும் ‘தப்பு’ விழுந்தது.

இப்போது B9-ல் இருப்பது:

```
=IF(B8="","",IF(ABS(B8-STDEV.S(B2:B6))<=0.05,"சரி",
IF(ABS(B8-STDEV.P(B2:B6))<=0.05,"n-1 பாருங்கள்","மறுபடி")))
```

0.05 வரை வித்தியாசம் இருக்கலாம். அதனால் 158.1 என்று போட்டாலும் ‘சரி’ வரும், 158 என்றால் வராது. 5 ஆல் வகுத்தவர்களுக்கு 141.42 கிடைக்கும், அவர்களுக்குத்தான் அந்த ‘n-1’ வரி. வெறும் ‘தப்பு’ என்பதைவிட இது உபயோகம்.

B8-ல் எண் மட்டும் போடுங்கள். ‘158.11 ரூ’ என்று அடித்தால் #VALUE! வரும். அப்புறம், B2 முதல் B6 வரை பூட்டிவிட்டேன். போன தடவை யாரோ 800-ஐ 80 ஆக்கியதில் விடையே மாறிப்போனது.

பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள்.