பாம்பன் மீன் விலைப் பக்கம்: ரீச் ஏன் விழுந்தது?

எல்லோருக்கும் வணக்கம். போன திங்கள் தானியங்கிப் பதிவை வேறு ஆப்புக்கு மாற்றியதிலிருந்து நம் ஃபேஸ்புக் பக்கத்தின் ரீச் பாதிக்கும் கீழே போய்விட்டது. பக்கத்தை முடக்கிவிட்டார்கள் என்று சிலர் பயந்தீர்கள். அப்படி எதுவும் இல்லை.

முதலில் பார்த்தது, பதிவு நிஜமாகவே போயிருக்கிறதா, எத்தனை போயிருக்கிறது என்று. மொத்த ரீச் மட்டும் குறைந்தால் பதிவுகள் விட்டுப்போயிருக்கலாம். நமக்கு எண்ணிக்கை சரி, ஒவ்வொரு பதிவின் ரீச்தான் விழுந்திருந்தது.

அப்புறம் பதிவின் மேல் இருக்கும் நேரத்தைப் பார்த்தேன். காலை 10:30! நாம் வைத்தது 5:00. புதிய ஆப்பில் நேர மண்டலம் UTC என்று கிடந்தது, அதனால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போயிருக்கிறது. ஏலம் முடிந்து வியாபாரி வீட்டுக்குப் போன பிறகு விலையை யார் பார்ப்பார்கள்?

Asia/Kolkata என்று மாற்றிவிட்டேன். இன்னொரு சந்தேகமும் உண்டு: முன்பு படமாகப் போனது, இப்போது வெறும் இணைப்பாகப் போகிறது. அதை இப்போது தொடவில்லை. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்றே தெரியாது. ஒரு வாரம் கழித்தும் ஏறாவிட்டால் படத்துக்குத் திரும்புவோம்.

ஒப்பிடும்போது படகு கடலுக்குப் போகாத நாட்களைச் சேர்க்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகே போகாது, அப்போது ரீச் இறங்கினால் ஆப்பைத் திட்டிப் பயனில்லை.