நம் நிறுவனத்தின் எம் அண்ட் ஏயைக் கைவிடுமுன்: இயக்குநர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கும், சுங்கை சிப்புட்டிலும் வெளியூர்களிலும் இருக்கும் சக பங்குதாரர்களுக்கும் வணக்கம்.

வரும் பொதுக்கூட்டத்தின் அறிவிப்பில், ‘நிறுவனத்தின் அமைப்பு விதிகளை நீக்குதல்’ என்று ஒரே ஒரு வரியில் ஒரு சிறப்புத் தீர்மானம் இடம்பெற்றிருக்கிறது. நாம் எம் அண்ட் ஏ என்று சொல்லும் இந்த விதிகள் புதிய சட்டப்படி தேவையில்லை என்பதுதான் வாய்மொழியாகச் சொல்லப்படும் காரணம். செயலாளர் அலுவலகம் ஒன்றில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் காரணம் பாதிதான் சரி.

தோட்டம் கைமாறியபோது கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் நம் பெரியவர்கள் பங்கு போட்டுக் கடைவீடு வாங்கிய காலத்தில், 1965ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் நடப்பில் இருந்தது. அச்சட்டம் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இரண்டு ஆவணங்களை எதிர்பார்த்தது. நிறுவனத்தின் பெயர், அது எந்தத் தொழிலுக்காகத் தொடங்கப்படுகிறது, மூலதனம் எவ்வளவு, உறுப்பினரின் பொறுப்பு எதுவரை என்பவற்றை வெளியுலகுக்குச் சொல்வது அமைப்பு முறையேடு. பங்கு மாற்றம், கூட்டம், வாக்கு, இயக்குநர் நியமனம், இலாப ஈவு என்று வீட்டுக்குள் நடப்பவற்றை வகுப்பது நடைமுறை விதிகள். இரண்டையும் ஒன்றாகத் தைத்த புத்தகத்தைத்தான் நாம் எம் அண்ட் ஏ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம்.

2017 ஜனவரி 31 அன்று நடப்புக்கு வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டையும் ஒரே அமைப்பு விதியாக்கியது. பங்கு மூலதனம் உள்ள நிறுவனம் அதை வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளாமலும் இருக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் பழைய நிறுவனங்களின் எம் அண்ட் ஏ காலாவதியாகிவிட்டதாக அது சொல்லவில்லை. நிறுவனம் வேறுவிதமாகத் தீர்மானிக்காத வரை, புதிய சட்டத்தின்கீழ் ஏற்கப்பட்ட விதிகளைப் போலவே அவை தொடரும் என்பதே 619ஆம் பிரிவின் ஏற்பாடு. ஆக, நாம் நீக்கப்போவது செத்துப்போன காகிதத்தை அல்ல. 33ஆம் பிரிவின்படி நிறுவனத்தையும் நம் ஒவ்வொருவரையும் இன்றும் கட்டுப்படுத்துகிற ஓர் ஒப்பந்தத்தை.

அதில் பயனற்றுப்போன பகுதிகள் இருக்கின்றன என்பதை நானும் மறுக்கவில்லை. பங்குக்கு ஒரு ரிங்கிட் என்ற முகமதிப்பும், அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் என்ற வரம்பும் இப்போதைய சட்டத்தில் இல்லை. நோக்கங்களின் நீண்ட பட்டியல் இடைஞ்சலாகவும் இருக்கலாம். நோக்கங்களை எழுதி வைத்த நிறுவனம் அவற்றுக்கு வெளியே தொழில் செய்யக் கட்டுப்பாடு உண்டு, எழுதி வைக்காத நிறுவனத்திற்கு அது இல்லை. இவை போகட்டும்.

எனக்குக் கவலை தருவது பங்கு மாற்ற விதி. புத்தகத்தின் மற்ற பக்கங்கள் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாக அச்சடித்தவை. அந்த ஓர் இடத்தில் மட்டும் தட்டச்சு செய்த தாள் ஒன்று ஒட்டப்பட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் இடப்பட்டிருக்கிறது. பங்கை விற்க நினைப்பவர் முதலில் நிறுவனத்திற்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இயக்குநர்கள் அதை மற்ற உறுப்பினர்களுக்கு அவரவர் பங்கின் விகிதப்படி முன்வைக்க வேண்டும். விலையில் உடன்பாடு இல்லையென்றால் கணக்காய்வாளர் சொல்லும் நியாய விலையே விலை. உறுப்பினர் எவரும் வாங்க முன்வராத பிறகுதான் வெளியாளுக்கு விற்கலாம். இதுதான் அந்தத் தாளின் சாரம்.

இந்த ஏற்பாடு சட்டத்தில் எங்கும் கிடையாது. நிறுவனம் புதிதாகப் பங்கு வெளியிட்டால் அதை முதலில் இருக்கிற பங்குதாரர்களுக்கே தர வேண்டும் என்று 85ஆம் பிரிவு சொல்கிறது. அது விதிகளை நீக்கினாலும் நமக்கு இருக்கும். ஒருவர் தம் கையிலிருக்கும் பழைய பங்கை விற்கும்போது அப்படி ஒரு முன்னுரிமையைச் சட்டம் தருவதில்லை. தனியார் நிறுவனம் பங்கு மாற்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறதே தவிர, எப்படி என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது. வந்த மாற்றுப் பத்திரத்தைப் பதிய மறுக்க வேண்டுமானாலும், சட்டத்திலோ அமைப்பு விதியிலோ அதற்கு இடம் இருக்க வேண்டும். காரணத்தை முழுமையாக எழுதி 30 நாளுக்குள் இயக்குநர்கள் தீர்மானம் போட வேண்டும். விதியை நீக்கிவிட்டால் எதைக் காட்டி மறுப்பீர்கள்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்மிடம் 60,000 பங்குகள், 38 பேர். பெரியவர்கள் ஒவ்வொருவராகக் காலமாகி, பங்கு பிள்ளைகளுக்குப் போகிறது. கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கடைவீட்டின்மேல் பற்று இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. கேட்ட விலை கிடைத்தால் விற்பார்கள், அது அவர்கள் உரிமை. வெளியாள் ஒருவர் பத்துக் குடும்பங்களிடம் தலா 1,600 பங்கு வாங்கினால் அவர் கையில் 16,000, அதாவது 26 விழுக்காட்டுக்கும் மேல். சிறப்புத் தீர்மானத்திற்கு 75 விழுக்காடு வாக்கு வேண்டும். பங்கு எண்ணிக்கைப்படி வாக்கெடுத்தால், அதன்பின் அவர் சம்மதிக்காமல் எந்தச் சிறப்புத் தீர்மானமும் நிறைவேறாது. இன்று நீக்கிய விதியை நாளை திரும்பக் கொண்டுவரவும் அதே 75 விழுக்காடுதான் தேவை என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. தனியார் நிறுவனத்தில் 50 பங்குதாரருக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்து பெரியவர்களின் பங்கு தலா நான்கு பிள்ளைகளின் பெயருக்குத் தனித்தனியே பிரிந்தால் நாம் 53 பேராகிவிடுவோம். கூட்டாகப் பங்கு வைத்திருப்பவர்கள் ஒருவராகவே கணக்கிடப்படுவதால், வாரிசுகள் கூட்டாகவோ ஒருவர் பெயரிலோ பதிய வேண்டும் என்று புதிய விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். பழைய புத்தகத்தில் இது இல்லை. அந்தக் காலத்தில் யாரும் சாவைப் பற்றி எழுத விரும்பவில்லை போலும்.

கல்வி உதவி பற்றியும் சிலர் கேட்டார்கள். இலாபத்தில் ஒரு பகுதி தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு என்று விதியில் இருப்பதால், கொடுக்காத ஆண்டுக்குப் பெற்றோர் வழக்குப் போடலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. அமைப்பு விதி என்பது நிறுவனத்திற்கும் உறுப்பினருக்கும் இடையிலான ஒப்பந்தம். வெளியாருக்கு அது உரிமை தராது. இங்கிலாந்தில் 1876இல் எலீ வழக்கில், நிறுவனத்தின் நிரந்தர வழக்கறிஞர் என்று நடைமுறை விதிகளிலேயே எழுதப்பட்டிருந்தவர்கூட, அதை வைத்து வழக்காடித் தோற்றார். உதவியை உறுதிசெய்ய விரும்பினால் அதற்குத் தனியாக ஒப்பந்தமோ அறக்கட்டளைப் பத்திரமோ எழுத வேண்டும்.

ஆண்டுப் பொதுக்கூட்டமும் இதில் அடங்கியிருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தனியார் நிறுவனங்களிடம் கேட்பதில்லை. நாம் ஆண்டுதோறும் கூடிக் கணக்குக் கேட்பதற்கு நம் விதிதான் காரணம். விதி போனால் கணக்கறிக்கை தபாலில் வரும். கேள்வி கேட்க மேடை இருக்காது.

ஆகவே இயக்குநர்களிடம் என் வேண்டுகோள் இது. நீக்கும் தீர்மானத்தை மட்டும் வைக்காதீர்கள். அதனுடன் புதிய அமைப்பு விதியை ஏற்கும் தீர்மானத்தையும் சேர்த்து, பங்கு மாற்றம், வாரிசுப் பதிவு, ஆண்டுக்கூட்டம் ஆகிய மூன்றும் அடங்கிய முழு வரைவை, சிறப்புத் தீர்மானத்திற்கு உரிய 21 நாள் அறிவிப்போடு எல்லாருக்கும் அனுப்புங்கள். நிறைவேறினால் 30 நாளுக்குள் நிறுவனங்களின் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிந்துவிடலாம்.

பங்குதாரர்களுக்கு ஒன்று: கூட்டம் கூட்டாமல், வீட்டு வாசலுக்கு வந்து எழுத்துமூலத் தீர்மானம் என்று தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அந்தக் கையெழுத்தே உங்கள் வாக்கு. வரைவைப் படிக்காமல் போடாதீர்கள். புத்தகம் கைவசம் இல்லாதவர்கள் நிறுவனச் செயலாளரிடம் கேட்டு ஒரு படி வாங்கிக்கொள்ளலாம். ஒட்டிய தாள் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்படிக்கு,
சக பங்குதாரர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்