உன் ஜாதகப் படிவம் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

ஜாதகப் பொருத்தம் பார்க்க ஆங்கிலப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாய் என்றும், நட்சத்திரப் பட்டியலில் Uttara என்று தொடங்கும் பெயர்கள் மூன்று இருக்கின்றன என்றும் எழுதியிருந்தாய். சரியான இடத்தில்தான் நின்று கேட்டிருக்கிறாய், கண்ணு.

நீ உத்திரம் 2-ஆம் பாதம், கன்னி ராசி. பட்டியலில் உத்திரம் என்பது Uttara Phalguni. Uttara Ashadha நம்முடைய உத்திராடம், Uttara Bhadrapada உத்திரட்டாதி. சில இடங்களில் வெறும் Uttara என்று மட்டும் போட்டிருப்பார்கள். அப்போது ராசியைப் பக்கத்தில் வைத்துப் பார். உத்திரத்தின் முதல் பாதம் சிம்மத்திலும் மற்ற மூன்றும் கன்னியிலும் வரும். உத்திராடம் என்றால் தனுசு அல்லது மகரம், உத்திரட்டாதி முழுக்க மீனம். ஆகவே கன்னியோடு சேரக்கூடியது உத்திரம் மட்டும்தான்.

தசையை வைத்துச் சரிபார்க்கலாம் என்று நினைக்காதே. உத்திரம், உத்திராடம் இரண்டுக்குமே பிறக்கும்போது சூரிய தசைதான் நடக்கும். உன் ஜாதகத்தில் கர்ப்பச் செல் போக சூரிய தசை இருப்பு 4 வருடம் என்று இருக்கிறது. மொத்தம் 6 வருடத்தில் 2 வருடம் கழிந்திருப்பதால் 2-ஆம் பாதம் என்பது உறுதியாகிறது. ஆனால் அது எந்த நட்சத்திரத்தின் 2-ஆம் பாதம் என்பதை ராசிதான் சொல்லும். மாற்றிப் போட்டுவிட்டால் தினப் பொருத்தத்தின் எண்ணிக்கையே வேறாகிவிடும். யோனியும் மாறும், உத்திரத்துக்குப் பசு, உத்திராடத்துக்குக் கீரி.

அப்புறம், ராசிக் கட்டத்தில் Virgo என்றுதான் போட வேண்டும். ஜூலை 4-இல் பிறந்தவள் என்பதால் உன் தோழிகள் உன்னை கேன்சர் என்பார்கள். அது சூரியன் நின்ற ராசி, அதுவும் மார்ச் 21 வாக்கில் மேஷம் தொடங்குவதாக வைத்து எண்ணும் மேல்நாட்டுக் கணக்கு. நாம் நட்சத்திரங்களை ஒட்டி எண்ணுவதால் சூரியன் மேஷத்துக்குள் வருவது சித்திரை பிறக்கும் ஏப்ரல் 14 வாக்கில்தான். இரண்டுக்கும் இப்போது ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம். அதனால் நம் கணக்கில் நீ பிறந்த ஆனி மாதத்தில் சூரியன் இருந்தது மிதுனத்தில். ஜாதகத்தில் ராசி என்று எழுதுவது சந்திரன் நின்ற வீட்டை, அது உனக்குக் கன்னி. படிவத்தில் Moon sign, Sun sign என்று தனித்தனியாகக் கேட்டால், முதலாவதில் மட்டும் Virgo போடு. இரண்டாவதில் எந்தக் கணக்கைக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் எதையும் எழுதாதே.

லக்னத்தை நான் இன்னும் சொல்லவில்லை. பிறந்த நேரம் உன் பழைய ஜாதக நோட்டில் இருக்கிறது, அதைப் படம் எடுத்து அனுப்புகிறேன். அது வந்த பிறகு படிவத்தை அனுப்பினால் போதும், அவசரமில்லை.

அன்புடன்,
அப்பா